தவணை ஆப் காட்டும் கணக்கை வரி வரியாக வாசிப்பது எப்படி

மே மாத நடுவில் ஒரு பின்னேரம், உப்புவெளியில் இருக்கும் என் சித்தியின் மகள் போனும் கையுமாக வீட்டுக்கு வந்தாள். நிலாவெளிப் பக்கம் ஒரு ஹோட்டலில் வரவேற்பு மேசையில் வேலை செய்கிறாள். வந்ததும் வராததுமாக, "அக்கா, பன்னிரண்டாயிரம் கட்டிட்டன். இப்ப இன்னும் ஆயிரத்து இருநூறு கட்ட வேணுமாம். இது என்ன கணக்கு?" என்று கேட்டாள்.

நான் திருகோணமலை என்.சி. வீதியில் ஒரு மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறேன். கடனட்டை பில் எத்தனையோ பார்த்திருக்கிறேன். ஆனாலும் இந்தத் தவணை ஆப்பின் கணக்கை முதல் தடவை பார்த்தபோது எனக்கும் அரை மணித்தியாலம் பிடித்தது, ஏனென்றால் கடனட்டை பில்லை வாசிக்கிற கண்ணோடு இதை வாசித்தால் கட்டாயம் பிழை விடுவோம். தங்கச்சி விட்ட பிழையும் அதுதான். அதனால் அவளுடைய கணக்கையே எடுத்து, நாங்கள் இரண்டு பேரும் அன்றைக்கு எப்படி வாசித்தோமோ அந்த ஒழுங்கிலேயே எழுதுகிறேன். எந்த நிறுவனம் என்று சொல்லவில்லை. தொகைகளும் கட்டண விதிகளும் ஆப்புக்கு ஆப் மாறும், வாசிக்கிற முறை மாறாது.

முதலில் இந்த முறை எப்படி ஓடுகிறது என்பது. பொருளை இப்போது எடுத்துக்கொண்டு காசைத் துண்டு துண்டாகப் பிறகு கட்டுவது. இங்கே பெரும்பாலும் மூன்று துண்டு: வாங்கும்போதே ஒன்று, 30 நாள் கழித்து ஒன்று, அதிலிருந்து இன்னும் 30 நாள் கழித்துக் கடைசி ஒன்று. வட்டி இல்லை என்று போட்டிருப்பார்கள், அது உண்மைதான். ஆப் நிறுவனம் கடைக்காரரிடம் ஒரு கொமிஷன் எடுக்கிறது, எங்களிடம் வட்டி எடுப்பதில்லை. ஆனால் துண்டு ஒன்று பிந்தினால் தாமதக் கட்டணம் என்று ஒரு நிலையான தொகை விழும். வட்டி என்றால் நாள் கூடக் கூடச் சிறிது சிறிதாக ஏறும். இது அப்படி இல்லை, ஒரு நாள் பிந்தினாலும் முழுக் கட்டணமும் ஒரேயடியாக வந்து நிற்கும். இந்த ஒரு வித்தியாசத்திலிருந்துதான் மற்ற எல்லாமே கிளைக்கிறது.

தங்கச்சி ஏப்ரல் 6ஆம் திகதி 36,000 ரூபாவுக்கு ஒரு போன் எடுத்திருந்தாள். மே 15ஆம் திகதி அவளுடைய திரையில் இருந்தது இது:

```
Order total                36,000.00
06 Apr  Instalment 1/3     12,000.00   PAID
06 May  Instalment 2/3     12,000.00   PART PAID
07 May  Late fee              600.00
10 May  Payment received  -12,000.00
14 May  Late fee              600.00
05 Jun  Instalment 3/3     12,000.00   UPCOMING
Overdue now                 1,200.00
Total outstanding          13,200.00
```

இதைப் பார்த்தவுடன் கீழே உள்ள பெரிய எண்ணுக்குத்தான் கண் போகும். போக விடாதீர்கள். மேலிருந்து வாருங்கள்.

முதல் வேலை, மூன்று தவணைகளையும் கூட்டி வாங்கிய விலையோடு ஒப்பிடுவது. 12,000 மூன்று தடவை, 36,000. `Order total` வரியும் 36,000. சரி, விலையில் ஒன்றும் ஒளிந்திருக்கவில்லை. இந்த இடத்தில் இரண்டு எண்களும் பொருந்தாவிட்டால் அனுப்புகூலி சேர்ந்திருக்கலாம், அல்லது கடைக்காரர் காசுக்கு ஒரு விலையும் தவணைக்கு ஒரு விலையும் வைத்திருக்கலாம். கடையில் தந்த பற்றுச்சீட்டை எடுத்து அந்த எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காசு கொடுத்தால் 34,000க்குத் தருவேன் என்று கடைக்காரர் சொல்லியிருந்தால், அந்த 2,000 எந்த வரியிலும் வட்டி என்று வராது, ஆனால் உங்கள் கையிலிருந்துதான் போகிறது.

இரண்டாவது, திகதிகளை மட்டும் தனியாக எழுதுவது. நாங்கள் சி.ஆர். கொப்பி ஒன்றை எடுத்து ஒரு பக்கத்தில் ஏப்ரல் 6, மே 6, ஜூன் 5 என்று எழுதினோம். கடைசித் திகதியைக் கவனித்தீர்களா? ஜூன் 6 இல்லை, ஜூன் 5. தவணை மாதத்துக்கு மாதம் ஓடவில்லை, 30 நாளுக்கு 30 நாள் ஓடுகிறது. மே மாதத்துக்கு 31 நாள் என்பதால் ஒரு நாள் முன்னுக்கு வந்துவிட்டது. "ஒவ்வொரு மாதமும் ஆறாம் திகதி" என்று மனதில் பதித்து வைத்திருந்தவள் ஜூனில் ஒரு நாள் பிந்தியிருப்பாள், அந்த ஒரு நாளுக்கு 600 ரூபா போயிருக்கும்.

அப்புறம் அந்தத் திகதிகளுக்குப் பக்கத்தில் சம்பளத் திகதியை எழுதச் சொன்னேன். அவளுக்குச் சம்பளம் பத்தாம் திகதி. எழுதி முடித்ததும் அவளே பேனாவை வைத்துவிட்டாள். மே 6க்கும் 10க்கும் நான்கு நாள், ஜூன் 5க்கும் 10க்கும் ஐந்து நாள். போனை எடுத்த அன்றே இரண்டு தவணையும் பிந்துவதென்று கிட்டத்தட்ட முடிவாகிவிட்டது. அவள் சிக்கனமில்லாத பிள்ளை இல்லை, மறதிக்காரியும் இல்லை. பழைய போனின் திரை உடைந்த அன்று ஆறாம் திகதியாக இருந்தது, அவ்வளவுதான். அதே போனை ஏப்ரல் 13ஆம் திகதி எடுத்திருந்தால் தவணைகள் மே 13, ஜூன் 12 என்று விழுந்திருக்கும், இரண்டும் சம்பளத்துக்குப் பிறகு. ஆகவே ஆப்பில் வாங்குகிறவர்கள் வாங்கும் நாளைத்தான் தெரிவு செய்ய வேண்டும். கடனட்டையில் அப்படி இல்லை. எந்த நாளில் வாங்கினாலும் கட்டவேண்டிய திகதி ஏறத்தாழ ஒவ்வொரு மாதமும் ஒரே இடத்தில்தான் நிற்கும்.

மூன்றாவது வேலைதான் முக்கியமானது, கட்டிய காசு எந்த வரியில் போய் உட்கார்ந்தது என்று பார்ப்பது.

நடந்ததை நாள் ஒழுங்கில் சொல்கிறேன். மே 6ஆம் திகதி காலையில் ஆப் அவளுடைய டெபிட் காட்டிலிருந்து 12,000 எடுக்கப் பார்த்திருக்கிறது. கணக்கில் மூவாயிரத்துச் சொச்சம்தான் இருந்தது. எடுக்க முடியவில்லை. அடுத்த நாள், 7ஆம் திகதி, 600 ரூபா தாமதக் கட்டணம் போட்டார்கள். அதாவது அன்றைக்கு அவள் கட்டவேண்டியது 12,600. பத்தாம் திகதி சம்பளம் வந்ததும் அவள் வங்கி ஆப்பால் 12,000 அனுப்பினாள். தவணை 12,000 தானே, அதைக் கட்டிவிட்டேன், கட்டணத்தைப் பற்றிப் பிறகு கதைத்துக்கொள்ளலாம் என்று நினைத்திருக்கிறாள். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

ஆனால் அந்த நிறுவனத்தின் விதிப்படி, வருகிற காசு முதலில் தாமதக் கட்டணத்துக்குப் போகும், மிச்சம்தான் தவணைக்கு. 12,000இல் 600 கட்டணத்துக்குப் போனது, தவணைக்கு 11,400தான் சேர்ந்தது. தவணையில் 600 ரூபா குறை நின்றது. அதனால்தான் அந்த வரிக்கு நேரே `PAID` என்று வராமல் `PART PAID` என்று வந்தது. அவள் அந்தச் சொல்லைப் பார்க்கவே இல்லை. 10ஆம் திகதிக்கும் 14ஆம் திகதிக்கும் இடையில் 600 ரூபா கட்டியிருந்தால் கதை முடிந்திருக்கும். கட்டாததால், முதல் கட்டணம் போட்டு ஏழு நாளாகியும் தவணை முடியவில்லை என்று 14ஆம் திகதி இரண்டாவது 600 விழுந்தது. 600 ரூபாக் குறைக்கு 600 ரூபாக் கட்டணம். திரையில் நிற்கும் 1,200 அப்படி வந்ததுதான்: தவணைக் குறை 600, புதிய கட்டணம் 600.

இதை அவளுக்கு விளங்கப்படுத்த நான் செய்தது ஒரு சின்ன வேலை. கொப்பியில் மூன்று நிரல் கீறி, முதலாவதில் திகதி, இரண்டாவதில் தவணையில் எவ்வளவு நிலுவை, மூன்றாவதில் கட்டணத்தில் எவ்வளவு நிலுவை என்று எழுதினோம். மே 6: தவணை 12,000, கட்டணம் ஒன்றுமில்லை. மே 7: தவணை 12,000, கட்டணம் 600. மே 10, காசு கட்டிய பிறகு: தவணை 600, கட்டணம் ஒன்றுமில்லை. மே 14: தவணை 600, கட்டணம் 600. நான்கு வரிதான். ஆப் எல்லாவற்றையும் ஒரே நிரலில் கலந்து காட்டுவதால்தான் குழப்பம் வருகிறது, தவணையையும் கட்டணத்தையும் இரண்டு நிரலாகப் பிரித்தால் எந்த நாளில் எது பிழைத்தது என்று கண்ணுக்கே தெரியும்.

உங்கள் ஆப்பிலும் கட்டணத்துக்குத்தான் முதலில் எடுக்கிறார்களா என்பதை இரண்டு விதமாக அறியலாம். ஒப்பந்த விதிகளில் `late fee` என்ற சொல்லைத் தேடி அந்தப் பந்தியை முழுதாக வாசிப்பது ஒன்று. கட்டணம் எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒருமுறை விழும், ஒரு கொள்வனவுக்கு அதிகபட்சம் எவ்வளவு வரை போகும் என்பதும் அங்கேதான் இருக்கும். மற்றது, பிந்திக் கட்டிய பிறகு அந்தத் தவணையின் நிலை என்னவென்று பார்ப்பது. முழுத் தவணைத் தொகையைக் கட்டிய பிறகும் `PAID` என்று மாறவில்லை என்றால் காசு வேறெங்கோ போயிருக்கிறது. ஆகவே பிந்திவிட்டால் தவணைத் தொகையைக் கட்டாதீர்கள், அந்த நிமிடம் `Overdue now` என்று என்ன காட்டுகிறதோ அதைச் சதம் குறையாமல் கட்டுங்கள். கட்டணம் அநியாயம் என்று தோன்றினாலும் முதலில் கட்டிவிட்டுப் பிறகு கேட்பதுதான் மலிவு, கேட்டுக்கொண்டிருக்கும் நாட்களில் அடுத்த கட்டணம் விழுந்துவிடும்.

வங்கி ஆப்பால் கையால் கட்டுகிறவர்களுக்கு இன்னும் ஒன்று. தரப்பட்ட கொள்வனவு இலக்கத்தை குறிப்புப் பகுதியில் போட மறந்தால் காசு யாருடையது என்று தெரியாமல் அங்கே கிடக்கும், இங்கே நாள் ஓடும். கையால் கட்டிய அன்றும் அடுத்த நாளும் வங்கிக் கணக்கைப் பாருங்கள், ஏனென்றால் முதலில் தோற்றுப்போன காட் எடுப்பை ஆப் திரும்பவும் முயன்று பார்க்கும், சம்பளம் வந்து கணக்கு நிறைந்திருக்கிற நேரம் அது வெற்றியாகிவிட்டால் ஒரே தவணைக்கு இரண்டு தடவை காசு போகும்.

நான்காவது, கீழே உள்ள இரண்டு எண்களையும் பிரித்து வாசிப்பது. `Overdue now` என்பது திகதி கடந்து நிற்பது, இன்றைக்கே கட்டவேண்டியது. `Total outstanding` என்பது அதோடு இன்னும் திகதி வராத தவணையையும் சேர்த்தது: 1,200உம் 12,000உம், 13,200. தங்கச்சி இந்த 13,200ஐப் பார்த்துத்தான் பயந்திருந்தாள். அதில் 12,000 ஜூன் 5 வரை யாரும் கேட்கமுடியாத காசு. கடனட்டை பில்லிலும் இப்படி இரண்டு எண் இருக்கும், மொத்த நிலுவை என்றும் குறைந்தபட்சக் கொடுப்பனவு என்றும். ஆனால் அந்த இரண்டையும் இந்த இரண்டோடு ஒன்றென்று நினைத்துவிடக் கூடாது. தவணை ஆப்பில் குறைந்தபட்சம் என்ற ஒன்றே இல்லை. தவணையை முழுதாகக் கட்ட வேண்டும், பாதி கட்டினாலும் பிந்தினதாகத்தான் கணக்கு.

இனி அதே போனைக் கடனட்டையில் எடுத்திருந்தால் பில் எப்படி இருந்திருக்கும் என்று பார்ப்போம், வித்தியாசம் அங்கேதான் தெளிவாகும். உதாரணத்துக்கு வட்டி வருடத்துக்கு 26 சதவீதம், பில் போடும் திகதி 20, கட்டவேண்டிய கடைசித் திகதி அடுத்த மாதம் 12, குறைந்தபட்சக் கொடுப்பனவு 5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பில்லில் வேறு எண்கள் இருந்தால் அவற்றைப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் 6இல் எடுத்த 36,000, ஏப்ரல் 20 பில்லில் வரும். மே 12க்கு முன் முழுதாகக் கட்டினால் ஒரு சதம் வட்டி இல்லை. 36 நாள் சும்மா கிடைத்த கடன். குறைந்தபட்சமான 1,800ஐக் கட்டினாலும் தாமதக் கட்டணம் இல்லை. ஆனால் வட்டி ஓடும், எங்களில் பல பேர் விழுகிற பள்ளம் இதுதான்: தவணை ஆப்பில் கட்டுவதைப் போலவே மே 12ஆம் திகதி 12,000 கட்டுகிறோம் என்று வையுங்கள். குறைந்தபட்சத்தைவிட எவ்வளவோ கூட, தாமதமும் இல்லை. மிச்சம் நிற்கிற 24,000க்குத்தானே வட்டி, அதுவும் மே 12இலிருந்துதானே என்று நினைப்போம். அப்படி இல்லை. முழுதாகக் கட்டாத மாதத்தில் வட்டியில்லாக் காலம் என்பதே இல்லாமல் போய், வாங்கிய நாளிலிருந்து முழு 36,000க்கும் வட்டி பார்ப்பதுதான் கடனட்டையின் வழமை. 36,000க்கு ஒரு நாள் வட்டி ஏறத்தாழ 25 ரூபா 64 சதம். ஏப்ரல் 6இலிருந்து மே 12 வரை 36 நாள், 923 ரூபா. பிறகு 24,000க்கு நாளொன்றுக்கு 17 ரூபா 10 சதப்படி மே 20 பில் வரை 8 நாள், 137 ரூபா. மே 20 பில்லில் வட்டி என்ற வரியில் கிட்டத்தட்ட 1,060 வந்து நிற்கும். ஜூன் 12இல் மிச்சம் எல்லாவற்றையும் கட்டினாலும் இடையில் உள்ள 23 நாளுக்கு இன்னும் 393 வரும், மொத்தம் ஏறத்தாழ 1,450 ரூபா.

ஆக, ஒரே போன், ஒரே 36,000. தவணை ஆப்பில் நேரத்துக்குக் கட்டியிருந்தால் மேலதிகம் ஒன்றுமில்லை. அதையே கடனட்டையில் இரண்டு மாதம் இழுத்திருந்தால் 1,450. தவணை ஆப்பில் தங்கச்சி கட்டியதுபோலக் கட்டினால் மே மாதத்துக்கு மட்டும் 1,200. எது மலிவு என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது, உங்களுக்கு எந்த விதமான பிந்தல் வரும் என்று பாருங்கள் என்பதுதான். கடனட்டையில் குறைந்தபட்சத்தை நேரத்துக்குக் கட்டி, ஏற்கெனவே வட்டி ஓடுகிற மிச்சத்தை நான்கு நாள் பிந்திக் கட்டுகிறவருக்கு அந்த நாட்களின் வட்டி மிகச் சிறியது, 12,000 ரூபாவுக்கு நான்கு நாள் வட்டி 34 ரூபாதான், அதே நான்கு நாளுக்கு ஆப் எடுத்தது 600. மாறாக, மாதக்கணக்கில் இழுக்கிறவருக்குக் கடனட்டை வட்டி நிற்காமல் ஏறிக்கொண்டே போகும், ஆப்பின் கட்டணமோ ஒரு எல்லையோடு நின்றுவிடலாம், அந்த எல்லை ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால். கடனட்டையிலும் குறைந்தபட்சத்தைக்கூட அந்தத் திகதிக்குள் கட்டாவிட்டால் வட்டியோடு தாமதக் கட்டணமும் சேரும், அதை மறக்கவேண்டாம்.

நிலையான கட்டணத்தில் இன்னொரு குணம் இருக்கிறது. பொருள் எவ்வளவு சின்னதோ அடி அவ்வளவு பெரிது. 3,000 ரூபா உடுப்பை மூன்று தவணையில் எடுத்து ஒரு தவணையைத் தவறவிட்டால், 1,000 ரூபாவுக்கு 600 ரூபாக் கட்டணம். போனுக்கு அது நூற்றுக்கு ஐந்து, உடுப்புக்கு நூற்றுக்கு அறுபது. சின்னச் சாமான்களைத் தவணையில் எடுக்க வேண்டாம் என்று நான் வீட்டில் எல்லோருக்கும் சொல்லியிருப்பது இதனால்தான்.

இரண்டு மூன்று பொருட்கள் எடுத்திருந்தால் வாசிப்பு இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கடனட்டையில் ஒரு மாதத்தில் பத்து இடத்தில் வாங்கினாலும் ஒரே பில், ஒரே திகதி. ஆப்பில் ஒவ்வொரு கொள்வனவும் ஒரு தனிக் கடன். தங்கச்சி ஏப்ரல் 20இல் 4,500 ரூபாவுக்குச் சப்பாத்தும் எடுத்திருந்தால் மே 6, மே 20, ஜூன் 5, ஜூன் 19 என்று நான்கு திகதிகள் பின்னிக்கொண்டு வரும், தாமதக் கட்டணமும் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக விழலாம். முகப்புத் திரை எல்லாவற்றையும் கூட்டி ஒரே எண்ணாகக் காட்டும். அதை வைத்து வாசிக்காதீர்கள், ஒவ்வொரு கொள்வனவாகத் திறந்து, கொப்பியில் ஒன்றுக்கு ஒரு பக்கம் வையுங்கள்.

ஆப்பில் டெபிட் காட்டுக்குப் பதிலாகக் கடனட்டையைக் கொடுத்து வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். அப்போது தவணை ஆப்புக்கு நேரத்துக்குப் போய்விடும், அங்கே எல்லாம் பச்சையாகத் தெரியும். ஆனால் அதே 12,000 கடனட்டை பில்லில் ஒரு புதிய கொள்வனவாக வந்து நிற்கும், அதை முழுதாகக் கட்டாவிட்டால் மேலே சொன்ன 26 சதவீதம் அதற்கும் ஓடும். வட்டியில்லாத் தவணை என்று எடுத்தது வட்டிக்கடனாகிவிடும், ஆப்பின் கணக்கில் அதற்கு ஒரு அடையாளமும் இருக்காது. இப்படிக் கட்டுகிறவர்கள் இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் வாசிக்க வேண்டும்.

பொருளைத் திருப்பிக் கொடுத்தால் என்ன வரும் என்பதும் தெரிந்திருப்பது நல்லது. திரும்பும் காசைப் பெரும்பாலும் கடைசித் தவணையிலிருந்துதான் குறைத்துக்கொண்டு வருவார்கள். கடை பொருளைப் பெற்று, சரிபார்த்து, ஆப்புக்கு அறிவிக்கும் வரை நடுவில் விழும் தவணை விழுந்துகொண்டேதான் இருக்கும். பொருள்தான் கையில் இல்லையே என்று கட்டாமல் விட்டால் தாமதக் கட்டணம் வரும்.

சரி, கட்டணம் பிழை என்று நினைத்தால் யாரிடம் கேட்பது? முதலில் அந்த நிறுவனத்திடம், எழுத்தில். போனில் கதைத்தால் பதிவு உங்கள் கையில் இருக்காது. தங்கச்சிக்காக நாங்கள் முதலில் நிலுவையான 1,200ஐக் கட்டிவிட்டு, அப்புறம் எழுதியது சுருக்கமாக இதுதான்: கொள்வனவு இலக்கம், மே 10இல் 12,000 கட்டியதற்கான வங்கிச் சான்று, அன்றைக்குத் தவணையில் நின்ற குறை 600தான் என்ற கணக்கு, அந்தக் குறையைப் பற்றித் தனியாக எந்த மெசேஜும் வரவில்லை என்பது, ஆகவே 14ஆம் திகதிக் கட்டணத்தை நீக்கித் தரும்படி ஒரு வேண்டுகோள். 7ஆம் திகதிக் கட்டணத்தை நாங்கள் கேட்கவே இல்லை. பிந்தியது உண்மை, அதையும் சேர்த்துக் கேட்டால் நியாயமான பாதியும் பலவீனமாகிவிடும். ஐந்தாம் நாள் பதில் வந்தது, இரண்டாவது 600ஐ ஜூன் தவணையில் கழித்துவிட்டார்கள். எல்லோருக்கும் இப்படி நடக்கும் என்று சொல்லமாட்டேன், ஆனால் முதல் தடவை என்றால் கேட்டுப் பார்ப்பதில் நட்டமில்லை.

அவர்கள் மறுத்தால் அடுத்த படி கடன் கொடுப்பது யார் என்பதைப் பொறுத்தது. ஒப்பந்தத்தின் முதல் பக்கத்திலோ கடைசியிலோ ஒரு கம்பனிப் பெயர் இருக்கும், ஆப்பின் பெயரும் அதுவும் ஒன்றாக இருக்கவேண்டும் என்றில்லை. அது மத்திய வங்கியின் அனுமதி பெற்ற வங்கியோ நிதிக் கம்பனியோ என்றால் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் தொடர்புத் திணைக்களத்துக்கு முறையிடலாம், இலக்கம் 1935. கடனட்டைப் பிரச்சினை என்றால் வங்கிக்கு எழுதிய பிறகு நேரே அங்கே போகலாம். அனுமதி பெற்ற நிறுவனம் இல்லை என்றால் அந்தக் கதவு திறக்காமல் போகலாம், அப்போது பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை, இலக்கம் 1977. இந்த வித்தியாசமும் ஆப்புக்கும் கடனட்டைக்கும் இடையில் உள்ளதுதான், பில்லில் தெரியாத வித்தியாசம்.

தெரியாத இன்னொன்று கிரிப், அதாவது கடன் தகவல் பணியகம். வங்கிக் கடனட்டையில் நீங்கள் கட்டியதும் கட்டாததும் அங்கே பதிவாகும், பிறகு வீட்டுக் கடனுக்கோ லீசிங்குக்கோ போகும்போது வங்கி அதை எடுத்துப் பார்க்கும். தவணை ஆப் அங்கே அறிவிக்குமா என்பதை அதன் ஒப்பந்தத்தில் `CRIB` என்று தேடிப் பாருங்கள். அந்தச் சொல் இருந்தால், 600 ரூபாக் குறையும் உங்கள் பெயரோடு சேர்ந்து அங்கே போகலாம்.

ஜூன் 5க்குத் தங்கச்சி செய்தது இது. மே சம்பளத்தில் மிச்சம் இருந்ததையும், சீசன் தொடங்கி மே கடைசியில் வந்த சேர்விஸ் சார்ஜ் காசையும் சேர்த்து, டெபிட் காட் இருக்கும் கணக்கில் போடாமல் சித்தியிடம் கொடுத்து வைத்தாள். கையில் இருந்தால் செலவாகும் என்று அவளே சொன்னாள். ஜூன் 3ஆம் திகதி அதை வங்கியில் போட்டாள், இரண்டு நாள் முன்னாலேயே. 5ஆம் திகதி காலை ஆப் 11,400 எடுத்தது. மத்தியானம் இடைவேளையில் திரையைத் திறந்து பார்த்திருக்கிறாள்: மூன்று தவணைக்கும் நேரே `PAID`, கீழே `Total outstanding 0.00`. அந்தத் திரையைப் படமெடுத்து எனக்கு அனுப்பினாள். நான் திருப்பி எழுதியது, அந்தப் படத்தை அழிக்காதே, ஆப்பில் பதிந்து வைத்திருக்கும் காட்டை இன்றைக்கே எடுத்துவிடு, நாளைக்கும் நாளை மறுநாளும் வங்கிக் கணக்கை ஒருதரம் பார் என்று.